கொப்பரையா, காயா, எண்ணெயா: லிட்டர் கணக்குக்கு வாருங்கள்

“ஐயா, நாங்கள் உச்சிப்புளியில் இருக்கிறோம். சமையலுக்கு மாதம் 2 லிட்டர் தேங்காய் எண்ணெய் ஆகிறது. இங்கே உரித்த காய் 25 ரூபாய், கொப்பரை கிலோ 220, செக்கு எண்ணெய் லிட்டர் 400. எதை வாங்கினால் கட்டுப்படியாகும்?”

மூன்றையும் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு என்ன ஆகிறது என்று மாற்றிப் பாருங்கள், அம்மா. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ கொப்பரை செக்கில் 600 கிராமுக்குச் சற்று மேல் எண்ணெய் தரும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 920 கிராம். ஆக லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ கொப்பரை, அதாவது 330 ரூபாய். ஆட்டுக்கூலி தனி. அரைக் கிலோ புண்ணாக்கு மிஞ்சும், அதை மாட்டுக்காரருக்கு விற்றால் கூலியில் ஒரு பங்கு கழியும். எப்படியும் 400 ரூபாய்க்குள்தான் வரும்.

காய்க்கணக்குதான் ஏமாற்றும். பெரிய காயென்றால் 8 காயில் ஒரு கிலோ கொப்பரை கிடைக்கும். லிட்டருக்கு 12 காய், 300 ரூபாய். சிறு காயாக இருந்து ஒரு கிலோ கொப்பரைக்கு 10 காய் தேவைப்பட்டால் லிட்டருக்கு 15 காய், 375 ரூபாய். உடைத்து, காயவைத்து, காக்கையை விரட்டும் பாடும் உங்களுடையதே. வாங்குமுன் இரண்டு காயை உடைத்து, பருப்பை நோண்டி எடை போடுங்கள். பச்சைப் பருப்பில் பாதிக்குக் கிட்டத்தட்ட தண்ணீர். ஒரு காயில் 250 கிராம் பருப்பு இருந்தால் 8 காய் கணக்கு சரி. 200 கிராம் என்றால் 10 காய் ஆகிவிடும், அப்போது கொப்பரையே மேல்.

சரி, கொப்பரை வாங்கும்போது என்ன பார்ப்பது? ஈரத்தை. நன்றாகக் காய்ந்ததில் 6 சதவீதம் தண்ணீர்தான் இருக்கும். 15 சதவீதம் இருந்தால் கிலோவுக்கு 90 கிராம் அளவுக்குத் தண்ணீரைத்தான் பருப்பு விலைக்கு வாங்குகிறீர்கள். உங்கள் பக்கம் கடல் காற்று வேறு, ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த கொப்பரையும் ஈரம் இழுத்துக்கொள்ளும். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தாலோ, ரப்பர் மாதிரி இருந்தாலோ வேண்டாம். ஈரக் கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் கலங்கலாக வரும், சட்டியில் நுரைத்துத் தெறிக்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பச்சையோ மஞ்சளோ கறுப்போ பூசணம் தெரிந்தால் துடைத்துவிட்டு ஆட்டக்கூடாது. பூசண நஞ்சு செக்கு எண்ணெயிலும் இறங்கும்.

உங்கள் விலைக்கு நான் செய்வது இதுதான்: பங்குனி, சித்திரை வெயிலில் நல்ல கொப்பரையாகப் பார்த்து 9 கிலோ வாங்கி ஆட்டிவைப்பேன், மூன்று மாதத்துக்கு 6 லிட்டர் கிடைக்கும். மழைக்காலத்தில் நம்பிக்கையான செக்கில் எண்ணெயாகவே வாங்கிக்கொள்வேன். சட்னிக்கும் குழம்புக்கும் மட்டும் காய். அப்புறம் ஒன்று, செக்கில் லிட்டர் விலையா கிலோ விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிலோ 400 என்றால் லிட்டருக்கு 368தான்.