வியர்வை நிற்கவில்லை, ஆனாலும் வெப்பத்தாக்கு: டெல்டா வாசகர்களின் வெயில் கேள்விகள்

மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்கு முந்தைய வாரங்களில் ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்க, போர் மோட்டாரை நம்பிக் கோடைப் பயிரும், கொள்முதல் நிலையங்களில் மூட்டை வேலையும், தூர்வாரும் பணியும் நடந்துகொண்டிருக்கின்றன. இவ்வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, பொது மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நெல் கொள்முதல் நிலையத்தில் என்னுடன் மூட்டை தூக்கும் 46 வயது நண்பர், காலை எட்டு மணி முதல் வேலை செய்துகொண்டிருந்தார். தண்ணீரும் குடித்தார். மதியம் ஒன்றரை மணிக்கு மூட்டையைத் தவறான அட்டியில் போட்டார், திருத்தியவரைக் காரணமில்லாமல் திட்டினார், நடை தள்ளாடியது. குடித்திருக்கிறார் என்று நினைத்துப் புங்கமரத்தடியில் படுக்க வைத்தோம். உடம்பெல்லாம் வியர்வை. சோடா கொடுத்தோம், வாந்தி எடுத்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டோவில் கொண்டுபோனோம். வெப்பத்தாக்கு என்றும் சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். வியர்வை நின்றால்தானே வெப்பத்தாக்கு? (மன்னார்குடி வட்ட வாசகர்)

பதில்: வியர்வை வற்றித் தோல் காய்ந்து சுடுவது பெரும்பாலும் வீட்டுக்குள் பல நாள் வெப்பத்தில் இருந்த முதியவர்களிடம் காணப்படும் வகை. உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கில் தசைகளே அடுப்பாக எரிந்து உடலைச் சூடாக்குவதால், உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகும் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கக்கூடும். ஆகவே வியர்வையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அறிவையும் பேச்சையும் பார்க்க வேண்டும். வெயிலில் களைப்பு, தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு ஆகியவை இருந்தும் ஒருவர் தெளிவாகப் பேசினால் அது வெப்பச் சோர்வு. அவரே இடம் தெரியாமல் உளறினாலோ, எரிந்து விழுந்தாலோ, நேராக நடக்க முடியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, அதை வெப்பத்தாக்கு என்று கொண்டே செயல்பட வேண்டும்.

உங்கள் கடிதத்தின்படி முதல் அறிகுறி ஒன்றரை மணிக்குத் தவறான அட்டியில் விழுந்த அந்த மூட்டைதான். பல பருவங்களாக அந்த வேலையைச் செய்பவர் அதில் தவறுவது இயல்பன்று. அந்த நேரத்தில் அவர் பெயர், இன்றைய கிழமை, நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். குடித்தவரும் இப்படித்தான் தடுமாறுவார் என்பது உண்மை. ஆனால் குடித்தவர் மேல் தண்ணீர் ஊற்றினால் கெடுதல் இல்லை, வெப்பத்தாக்குற்றவரைக் குடிகாரர் என்று விட்டுவிட்டால் உயிர் போகும்.

அடுத்து, நிழலில் படுக்க வைத்தது மட்டும் போதவில்லை. செய்ய வேண்டியது இது: ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர்கள் சட்டையைக் கழற்றி, அருகிலுள்ள போர் மோட்டார் அல்லது குழாயிலிருந்து நீரைத் தலை முதல் கால் வரை இடைவிடாமல் ஊற்றி, தார்ப்பாய்த் துண்டினாலோ சாக்கினாலோ வேகமாக விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் துண்டில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைத்து மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஐஸ் வாங்க ஆள் அனுப்பிவிட்டு நீரை நிறுத்தக்கூடாது. போர் நீர் ஐஸ் போலக் குளிராது என்றாலும், 41 டிகிரியில் எரியும் உடலுக்கு அது குளிர்ந்த நீர்தான். சூட்டு உடம்பில் தண்ணீர் பட்டால் ஜன்னி வரும் என்ற அச்சத்தால் பல இடங்களில் இதைத் தடுக்கிறார்கள், அதற்கு அடிப்படை இல்லை. வெப்பத்தை அரை மணிக்குள் 40 டிகிரிக்குக் கீழ் இறக்குவதே குறிக்கோள். வண்டியில் ஏற்றும் அவசரத்தைவிடக் குளிர்விப்பது முந்த வேண்டும். வண்டிக்குள்ளும் அதைத் தொடர வேண்டும்.

சோடாவைத் தவிர்த்திருக்க வேண்டும். தெளிவில்லாதவருக்கு வாயில் எது கொடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீரகம் பாதித்ததற்கு வெப்பம், நீரிழப்பு ஆகியவற்றுடன், தசைநார்கள் சிதைந்து வெளியிடும் பொருளும் காரணமாக இருந்திருக்கலாம். அப்போது சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கும். கடும் வெயில் வேலைக்கு மறுநாள் அந்த நிறத்தைக் கண்டவர், தெம்பாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு துணைக் குறிப்பு. அக்குளில் வைக்கும் வெப்பமானியையும் நெற்றியில் காட்டும் கருவியையும் இந்த நிலையில் நம்ப வேண்டாம். உள்ளே 41 இருக்கும்போது நனைந்த தோலில் அவை குறைத்துக் காட்டும். பயிற்சிக் காலத்தில் அக்குள் அளவைப் பார்த்து ஒரு நோயாளியைச் சாதாரணக் காய்ச்சல் என்று எழுதி, மூத்த செவிலியரிடம் திட்டு வாங்கியவன் நான்.

கேள்வி: நாங்கள் வாய்க்கால் தூர்வாரும் வேலைக்குப் போகும் பெண்கள். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மாலையில் தலைவலியும் நீர்க்கடுப்பும் வருகின்றன. எவ்வளவு குடிக்க வேண்டும்? (திருத்துறைப்பூண்டி வாசகி)

பதில்: கடும் வெயிலில் மண் வெட்டுபவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவு வியர்வை போகக்கூடும். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 முதல் 250 மில்லி, என்று பிரித்துக் குடிப்பது சரியான முறை. மதியம் மொத்தமாக ஒரு செம்பைக் கவிழ்த்துக் குடித்தால் பாதி வயிற்றில் அலசிக்கொண்டு நிற்கும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். உப்பில்லாத வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் தலைவலியும் வாந்தியும் குழப்பமுமாகவே வெளிப்படும்.

நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிறுநீர் வராது. குடிப்பதில் பெரும்பகுதி வியர்வையாகவே போய்விடும். நீர்க்கடுப்புக்கும் நீர் குறைவதே முக்கியக் காரணம். இருப்பினும் இதை உங்கள் மன உறுதியால் மட்டும் தீர்க்க முடியாது: பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் நான்கு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் கொண்டு மறைப்புக் கட்டச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். குடிநீர்க் குடத்தைப் போல அதுவும் வேலைக்கான ஏற்பாடுதான். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நீர் போதும். அடர் மஞ்சளானால் போதவில்லை.

காலையில் உப்புச் சேர்த்த நீராகாரமும், பத்து மணிக்கு நீர்மோரும் மிக நல்லவை. வியர்வையில் போகும் உப்பையும் அவை ஈடு செய்யும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அது மட்டுமே போதாது. பானகத்தில் வெல்லம் அதிகமாக இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் தவிர்க்கலாம்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் குடித்தால் விரைவாகத் தெம்பு வருமா? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: வராது, தாகமும் வயிற்றோட்டமும்தான் வரும். உலக சுகாதார நிறுவன வாய்பாட்டுப் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கானது. பொட்டலத்தில் அச்சிட்ட நீரளவைப் பார்த்து அதன்படியே கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆற்றிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. இதய நோய்க்காக நீர் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எங்கே பார்த்தாலும் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்கிறார்கள். நான் என்ன செய்வது? (திருவாரூர் வாசகி)

பதில்: அந்தப் பொது அறிவுரை உங்கள் மாமியாருக்குப் பொருந்தாது. மருத்துவர் வைத்த அளவை நீங்களே கூட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதே அளவையும் அதே மாத்திரையையும் கத்திரி வெயிலில் அப்படியே தொடர்ந்தால் உடல் வறண்டுவிடவும் கூடும். எனவே கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் சென்று, வெயில் காலத்துக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா, நீரளவைக் கூட்டலாமா என்று கேளுங்கள். தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஓ.ஆர்.எஸ்.ஸிலும் உப்பு இருப்பதால் அதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் உதவக்கூடிய எளிய கருவி எடை பார்க்கும் இயந்திரம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ குறைந்து, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் நீரிழப்பு. இரண்டு கிலோ கூடிக் கால் வீங்கி மூச்சு வாங்கினால் நீர் சேர்கிறது. இரண்டுக்கும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். முதியவர்களின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பதில் பயனில்லை, அது இயல்பிலேயே தளர்ந்திருக்கும். நாக்கின் வறட்சியைப் பாருங்கள்.

குடிக்கக் கொடுக்க முடியாத நீரை உடலுக்கு வெளியே கொடுக்கலாம். கைகளையும் கால்களையும் கழுத்தையும் ஈரத்துணியால் அடிக்கடி துடைத்து மின்விசிறியின் கீழ் உட்கார வையுங்கள். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால், ஈரமில்லாத உடலில் விசிறி வீசுவது அனல் அடிப்பது போல்தான். அந்த நேரங்களில் பக்கத்து ஓட்டு வீட்டிலோ திண்ணையிலோ மதியத்தைக் கழிப்பது நல்லது.

வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடுவதால் அவர்கள் தண்ணீர் கேட்பார்கள் என்று காத்திருக்கக்கூடாது. நாலு மணிக்குக் காபி கேட்பவர் கேட்காமல் தூங்குவதும், பேரன் பெயரை மாற்றிச் சொல்வதும், புதிதாகத் தடுக்கி விழுவதும் வயதின் மறதியாக இருக்கலாம்தான். ஆனால் நேற்று இல்லாமல் இன்று வந்திருந்தால் அது வெயிலின் வேலை என்றே கொண்டு, உடலை நனைத்து விசிறியபடி 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: உடம்பு கொதிக்கும்போது பாராசிட்டமால் கொடுக்கலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: வேண்டாம். கிருமிக் காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. பாராசிட்டமால் அதை இறக்கும். வெப்பத்தாக்கில் அந்த அளவு மாறவே இல்லை. வெப்பத்தை வெளியேற்ற முடியாமல்தான் உடல் கொதிக்கிறது. மாத்திரை வேலை செய்யாததோடு, ஏற்கெனவே பாதித்திருக்கும் கல்லீரலுக்கும் சுமையாகும்.

கேள்வி: செய்தியில் வேலூருக்கு 42 டிகிரி, எங்கள் ஊருக்கு 37 என்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு ஆபத்து இல்லைதானே? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும், கடற்காற்றின் ஈரப்பதத்தில் அது ஆவியாகாமல் வழிந்து வீணாகும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இதனால்தான் சமவெளிக்கு 40 டிகிரியும் கடலோரத்துக்கு 37 டிகிரியும் வெப்ப அலைக்கான தொடக்க அளவாக வைத்திருக்கிறது. கடலோரத்தில் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பதும் அதில் சேரும். உப்பளத்தில் வெண்ணிற உப்பின் எதிரொளியும் சேரும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த மகன் ஊருக்குத் திரும்பி, நாளை முதல் செங்கல் சூளைக்குப் போகிறான். இருபது வயது, நல்ல திடகாத்திரம். (பாபநாசம் வாசகர்)

பதில்: திடகாத்திரம் வேறு, வெயிலுக்குப் பழகிய உடல் வேறு. பழக ஒன்று முதல் இரண்டு வாரமாகும். அதன்பின் வியர்வை விரைவில் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். முதல் நாள் மற்றவர் செய்யும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, மறுநாள் ஐந்தில் இரண்டு பங்கு என்று கூட்டி, ஐந்தாம் நாளில் முழு வேலைக்கு வருவது பொருத்தம். கல் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் இது அவனுக்குக் கசக்கும். ஆகவே முதல் வாரத்துக்குத் தனியாகச் சூளை முதலாளியிடம் பேசிக்கொள்ளுங்கள், அவனுடன் வேலை செய்யும் ஒருவரிடம் அவன் பேச்சைக் கவனித்துக்கொள்ளவும் சொல்லி வையுங்கள்.