பன்னிரண்டாவது பந்தியில் இருக்கிற கதை

"அக்கா, நான் மாமியோடு சேர்ந்து கருவாடு போட்டு முகநூல் வழியாக விற்கிறேன். 'எப்படித் தொடங்கினீங்கள் எண்டு ஒரு பதிவு போடுங்கோ, சனம் நம்பும்' என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். நான்கு பக்கம் எழுதினேன். தங்கச்சி வாசித்துவிட்டு, 'உனக்கு நீயே பொன்னாடை போத்தின மாதிரி இருக்கு' என்கிறாள். வெட்டத் தொடங்கினால் ஒன்றுமே மிஞ்சவில்லை. எழுதினதை இத்தோடு அனுப்புகிறேன். எதை வைப்பது, எதை எடுப்பது?"
– வாசகி, திருக்கடலூர், திருகோணமலை

அன்புத் தங்கைக்கு,

நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தேன். முதல் பந்தி இப்படித் தொடங்குகிறது: "சிறு வயதிலிருந்தே எதையாவது சாதிக்க வேண்டும் என்ற வேட்கை எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. தரமும் விடாமுயற்சியும் என் இரு கண்கள்." பிறகு பன்னிரண்டாவது பந்தியின் நடுவில் இப்படி ஒரு வரி வருகிறது: "வெள்ளவத்தைக்கு அனுப்பின முதல் பார்சல் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தபோதும் நான் துவளவில்லை."

உங்கள் பதிவு அந்த வரியில்தான் இருக்கிறது. அதில்கூட "நான் துவளவில்லை" என்பதை எடுத்துவிட வேண்டும்.

வாங்குகிற ஆளின் இடத்தில் இருந்து பாருங்கள். சந்தையில் என்றால் கருவாட்டைக் கையில் எடுப்பார், மணந்து பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார், விலை கேட்பது அதற்குப் பிறகுதான். முகநூலில் அவருக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டும். மண் கடிபடுமோ, உள்ளுக்குள் ஈரமோ, ஈ மொய்க்காமல் இருக்க எதையாவது அடித்தார்களோ என்ற பயம் இருக்கும். உங்கள் வேட்கையை எவ்வளவு வடிவாக எழுதினாலும் அந்தப் பயம் குறையாது. பூஞ்சணம் பிடித்த பார்சலின் கதை குறைக்கும். என்ன பிழைக்கும் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, பிழைத்த பிறகு எதையோ மாற்றியிருக்கிறாள் என்று அவருக்கு அதிலிருந்து விளங்கும்.

ஆனால் அந்த வரியில் முக்கியமான விசயம் இல்லை. ஏன் பூஞ்சணம் பிடித்தது? அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்? அதைக் கேட்கத்தான் உங்களைத் தொலைபேசியில் பிடித்தேன். பத்து நிமிடத்தில் நீங்கள் சொன்னது நான்கு பக்கத்திலும் இல்லாத விசயம். கட்டா மீன் தடிப்பான சதை. மேலே காய்ந்து கல்லுப்போல இருந்தாலும் முள்ளோரம் ஈரம் நிற்கும். நீங்கள் இரண்டு நாளில் எடுத்துவிட்டீர்கள். அதுவும் வெயில் சூடு ஆறமுதல் பொலித்தீன் பைக்குள் போட்டு ஒட்டிவிட்டீர்கள். சூடு ஆறும்போது பைக்குள் வியர்த்திருக்கும். போய்ச் சேர்ந்த பிறகுதான் பையைத் திறந்தார்கள் என்றால் பூஞ்சணத்துக்கு அது போதும்.

நீங்கள் சொன்னதை வைத்து, உங்கள் குரலிலேயே, ஒரு பதிவு எழுதிப் பார்த்தேன்:

"2023 ஓகஸ்டில் வெள்ளவத்தைக்கு அனுப்பிய எங்கள் முதல் பார்சல் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தது. ஒரு கிலோ கட்டாக் கருவாடு.

மேலே நன்றாகக் காய்ந்திருந்தது. முள்ளை ஒட்டின சதையில் ஈரம் நின்றதை நான் பார்க்கவில்லை. வெயிலால் எடுத்த சூட்டோடு பையிலும் போட்டுவிட்டேன். வாங்கிய அக்காவுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

கருவாடு போடத் தெரிந்தவர் என் மாமி. நான் அவரிடம் படிக்கிற ஆள். திரும்பி வந்த பையைத் திறந்து பார்த்துவிட்டு, 'பிள்ளை, முள்ளோரம் விரல் வச்சுப் பாத்தனியோ?' என்று மட்டும் கேட்டார்.

இப்போது கட்டாவைக் குறைந்தது நான்கு நாள் காயவைக்கிறோம். மூன்றாம் நாள் பின்னேரமும் நான்காம் நாள் பின்னேரமும் ஒரே துண்டை நிறுத்துப் பார்க்கிறோம். நிறை இன்னும் இறங்கினால் இன்னொரு நாள் வெயில். பிறகு ஓர் இரவு உள்ளே ஆறவிட்டுத்தான் பையில் போடுகிறோம். காய்ந்து முடிந்த திகதி பையில் இருக்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழை என்பதால் நாங்கள் காயவைப்பதில்லை. அந்த மாதங்களில் அனுப்புவது அதற்கு முதல் காய்ந்தது. முடிந்துபோனால் முடிந்ததுதான்."

நான்கு பக்கத்துக்குப் பதிலாக அரைப் பக்கம். இதில் "தரம்", "சாதனை", "கனவு" என்று ஒரு சொல்லும் இல்லை. "நான்" எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். பிழை விட்ட இடத்திலும் காசைத் திருப்பின இடத்திலும் படிக்கிற இடத்திலும் வருகிறது. கெட்டித்தனம் மாமியிடம் போய்விட்டது, வேலை "நாங்கள்" என்று ஆகிவிட்டது. சிலர் தற்புகழ்ச்சிக்குப் பயந்து "நானை" முழுக்க எடுத்துவிடுவார்கள். "தவறு ஏற்பட்டது, சரிசெய்யப்பட்டது" என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் அங்கே ஆளே இருக்காது, நம்புவதற்கு ஒரு முகமும் இருக்காது. பொறுப்பு எடுக்கிற இடத்தில் "நான்" கட்டாயம் வேண்டும்.

வெட்டினால் ஒன்றும் மிஞ்சவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் நீங்கள் எதையும் கேட்காமல் வெட்டியது. ஒவ்வொரு வசனத்திலும் பென்சிலை வைத்து ஒன்றைக் கேளுங்கள்: இது வாங்குகிறவரின் கைக்கு வரும் பையில் எங்கே தெரியும்? "நான்கு நாள் காயவைக்கிறோம்" என்பது கருவாட்டை வளைத்தால் தெரியும். "திகதி இருக்கும்" என்பது பையைத் திருப்பினால் தெரியும். "விடாமுயற்சி என் கண்" என்பது எங்கும் தெரியாது, ஆகவே வெட்டுங்கள். பிரதேச செயலகக் கண்காட்சியில் கிடைத்த சான்றிதழை நீங்கள் இரண்டு பந்திக்கு எழுதியிருக்கிறீர்கள். அது பக்கத்தின் விபரப் பகுதியில் ஒரு வரியாக இருக்கட்டும், கதைக்குள் வேண்டாம்.

மழை மாத வரியைக் கட்டாயம் வையுங்கள். வியாபாரம் குறையும் என்று நீங்கள் தயங்கினது தொலைபேசியிலேயே தெரிந்தது. ஆனால் திருகோணமலையில் வாடை மழை பெய்கிற காலத்தில் வெயிலில் கருவாடு காயாது என்று இந்தப் பக்கத்துச் சனம் எல்லாருக்கும் தெரியும். கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிற நம்மூர் ஆட்களுக்கும் தெரியும். டிசம்பரில் "இன்று காய்ந்த கருவாடு" என்று போடுகிறவரை அவர்கள் நம்பமாட்டார்கள். இல்லாததை இல்லை என்று சொல்கிற ஆள், இருக்கிறதைச் சொல்லும்போது அதற்குப் பெறுமதி கூடும்.

அடுத்தது சுனாமி. 2004 டிசம்பர் 26 பற்றியும் மாமியின் வள்ளம் போனதைப் பற்றியும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் இந்தப் பதிவில் அது வேண்டாம் என்றே நினைக்கிறேன். இந்தக் கரையில் அதை வாசிக்கிற பாதிப் பேர் வீட்டிலும் ஏதோ ஒன்று போயிருக்கும். அந்த இழப்புக்குக் கீழே கருவாட்டின் விலையைப் பார்க்கும்போது அவர்களுக்கு நோகும். அது மாமியின் கதையும்கூட. அவர் சொல்ல விரும்பினால், விலை இல்லாத ஒரு நாளில், அவர் பெயரில், அவர் சொற்களில் வரட்டும்.

கெட்டித்தனத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். பல வருடத்துக்கு முதல் ஒரு தையல் கடைக்காரருக்காக அவர் தொடங்கின கதையை எழுதிக்கொடுத்தேன். "இரவிரவாக இருந்து தன் கையால் தைத்த முதல் சட்டை" என்று உருக்கமாக எழுதினேன். பதிவு போட்டு ஒரு மணித்தியாலத்தில் கீழே ஒரு பெண் எழுதினார்: "அந்தச் சட்டையைத் தைச்சது நான்." அவர் சொன்னது உண்மை. நான் கேட்காமல் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கடை எதை எழுதினாலும் சனம் அந்த வரியைத்தான் ஞாபகப்படுத்தியது. உங்களோடு மீன் வெட்ட வருகிற இரண்டு பேரையும் கேளுங்கள். பெயரைப் போடச் சம்மதம் என்றால் போடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் "எங்களோடு இரண்டு பேர் மீன் வெட்டுகிறார்கள்" என்றாவது இருக்கட்டும்.

பதிவைப் போட முதல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தை அக்காவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். உங்கள் பார்சலைப் பற்றி எழுதப்போகிறேன், உங்கள் பெயர் வராது என்று சொல்லுங்கள். காசு முழுக்கக் கிடைத்ததா என்றும் கேளுங்கள். பிழையைக் கதையாகச் சொல்கிற உரிமை, அந்தப் பிழையால் நட்டப்பட்ட ஆளோடு கணக்குத் தீர்த்த பிறகுதான் நமக்கு வரும். தீராத பிழையையும் எழுதக்கூடாது. இப்போதும் பத்தில் ஒரு பை ஈரமாகப் போகிறது என்றால், அது பதிவுக்கான விசயமில்லை. முதலில் அதைத் திருத்துங்கள்.

முகநூல் நீளமான பதிவை முதல் சில வரிகளோடு மடித்துவிடும். ஆகவே பூஞ்சணம் என்ற சொல் முதல் வசனத்திலேயே வரட்டும். படத்துக்கு நீங்கள் சேலை கட்டிச் சிரிக்கிற படம் வேண்டாம். மாமியின் விரல் முள்ளோரம் அழுத்துகிற படம் ஒன்று எடுங்கள், காலை வெளிச்சத்தில்.

போட்ட பிறகு கீழே வருகிற கருத்துகளைப் பாருங்கள். "வாழ்த்துக்கள்", "சிங்கப்பெண்" என்று மட்டும் நிறைந்தால், பதிவு இன்னும் உங்களைப் பற்றித்தான் இருக்கிறது. அவர்கள் கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "நெத்தலி எத்தனை நாள் காயவைப்பீங்கள்?", "ஐஸ்பெட்டியில வைக்க வேணுமோ?" என்று கேள்விகள் வந்தால், அவர்கள் மனதுக்குள் கருவாட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். தெரியாததை மாமியிடம் கேட்டுச் சொல்லுங்கள், மாமி சொன்னது என்றே எழுதுங்கள்.

இன்று பின்னேரம் நான் எழுதினதை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். "இது நான் சொல்லேல்ல" என்று அவர் சொல்லுகிற வரியை அங்கேயே வெட்டிவிடுங்கள், அது என் வரியாக இருந்தாலும்.

அன்புடன்,
அக்கா