டீம்களை மாற்றியமைக்கும் ரீஆர்க் அறிவிப்புக்குப் பிறகு டீமுக்கு என்ன எழுதுவது?

"திடீர்னு ரீஆர்க் மெயில் வந்துச்சு. 'கவலைப்படாதீங்க'ன்னு குரூப்ல போட்டேன், பதற்றம் இன்னும் கூடிடுச்சு. என்ன எழுதறது?"

இப்படிப் போடுங்க:

"திங்கள்லேருந்து நம்ம டீம் வேற மேனேஜர்கிட்ட போகுது. இந்த மாச ரிலீஸ் மாறல. யாருக்கு எந்த ரோல்னு எனக்கு இன்னும் தெரியாது. வியாழன் 4 மணிக்கு, புதுசா எதுவும் இல்லாட்டியும், பேசறேன். தனியா பேசணும்னா இன்னைக்கே கூப்பிடுங்க."

தகவலே இல்லாத ஆறுதலைப் படிச்சா, எதையோ மறைக்கிறீங்கன்னுதான் தோணும். பதற்றம் கூடினதுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியும் அடுத்த வாரமும் உண்மையா நிக்குமான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா எடுத்துடுங்க.

"யாருக்கும் வேலை போகாது"ன்னு மட்டும் எழுதிடாதீங்க, அந்த முடிவு உங்க கையில இல்ல. உங்ககிட்ட ரகசியமா ஏதாவது சொல்லியிருந்தா, "தெரியாது"ன்னு பொய் சொல்லாம "இப்போ சொல்ல முடியாது"ன்னு சொல்லுங்க.