பூசின சுவரை வெட்டினால் பேட்ச் செலவு யாருக்கு?

"ஐயா, நான் வயரிங் சப் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் மூன்று மாடிக் கட்டிடம். பூசின சுவரை வெட்டினதுக்கு பேட்ச் வேலைன்னு மெயின் காண்ட்ராக்டர் என் பில்லில் 46,000 ரூபாய் பிடிச்சுட்டார். ஆர்டரில் 'கம்ப்ளீட் வயரிங்'னு மட்டும்தான் இருக்கு. இது என் தலையிலயா?"

முழுசாக உங்கள் தலையில் இல்லை, முழுசாக அவர் தலையிலும் இல்லை. 'கம்ப்ளீட்' என்று ஆர்டரில் எழுதிவிட்டால் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை அதில் படித்துக்கொள்வார்கள். மத்திய பொதுப்பணித் துறை கட்டண அட்டவணையில், சுவருக்குள் பைப் பதிக்கும் ஐட்டத்திலேயே சுவரை வெட்டி மறுபடி சரிசெய்து கொடுப்பதும் சேர்த்தே எழுதியிருக்கும், அதனால் அந்த ரேட்டில் வேலை எடுத்தவன் பேச வாயில்லை. தனியார் வேலையில் அந்த வரியை விட்டுவிட்டு ரேட்டை மட்டும் பேரம் பேசுகிறோம்.

இதில் இடையில் நிற்கிற ஆளைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். உங்களுக்கு ஆர்டர் தந்தது மெயின் காண்ட்ராக்டரா, இல்லை வேலை பிடித்துத் தருகிற ஏஜென்ட்டா? ஏஜென்ட் மேலே பேட்ச் வேலையையும் சேர்த்து ஒரு ரேட் வாங்கியிருப்பார், உங்களிடம் வந்து "அண்ணாச்சி, பைப் போட்டு வயர் இழுத்தாப் போதும், மத்தது கொத்தனார் பாத்துக்கிடுவான்" என்று வாயால் சொல்லியிருப்பார். பிறகு பிடித்தம் வரும்போது போனை எடுக்க மாட்டார். இந்த ஒரு தந்திரத்தில் எத்தனை பேர் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. மேலே போன ஆர்டரின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

சரி, இப்போது 46,000. அடிக்கு 115 ரூபாய் என்றால் 400 அடி நீளம் என்று அர்த்தம். அந்த 400 அடியையும் சுவர் சுவராக நின்று, ஒவ்வொரு வெட்டும் எதனால் வந்தது என்று கேட்க வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 70 அடி நீங்கள் மறந்துவிட்டுப் பூச்சுக்குப் பின் வெட்டியது, 8,050 ரூபாய், அது உங்களுடையதுதான். 150 அடி, நீங்கள் பைப் முடிக்கும் முன்பே கொத்தனார் பூசிவிட்டது, 17,250. இங்கே 'இந்தச் சுவர் முடிந்தது, பூசலாம்' என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களா, அல்லது அவர்கள் சொன்ன தேதியைத் தாண்டி இழுத்தீர்களா என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி இருந்தால்கூடப் போதும்.

மீதி 180 அடி, 20,700 ரூபாய், வீட்டுக்காரர் கேட்ட மாற்றம். இதை எல்லாரும் விட்டுவிடுவதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பூச்சு முடிந்து டைல்ஸ்காரன் வந்த பிறகு, 'டிவி அந்தச் சுவருக்குப் போகட்டும், ஏசி இந்தப் பக்கம் வரட்டும்' என்று உரிமையாளர் நின்றுகொண்டு சொல்வார், நீங்களும் பெரியவர் சொல்கிறாரே என்று அன்றே வெட்டிவிடுவீர்கள். அது உங்கள் பிழையுமில்லை, காண்ட்ராக்டர் பிழையுமில்லை. கூடுதல் வேலை, உரிமையாளர் தர வேண்டியது. ஆனால் அவர் உங்களிடம் நேராகச் சொன்னார், காண்ட்ராக்டருக்குத் தெரியாது, அதனால் காண்ட்ராக்டர் அவரிடம் பில் போடாமல் உங்களிடம் கழிக்கிறார். வெட்டும் முன் காண்ட்ராக்டரின் இன்ஜினியருக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் அந்தத் தொகை அன்றைக்கே சரியான ஆளிடம் போயிருக்கும். இன்னும் தாமதமாகிவிடவில்லை, உரிமையாளரை முன்னால் வைத்தே அந்தச் சுவர்களைக் காட்டுங்கள்.

விரிசலையும் உங்கள் மேல் போடுகிறார்களா என்று பாருங்கள். பைப் போன வழியிலேயே நேர்கோடாக வெடித்திருந்து, தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தால் வெட்டின காடியைச் சரியாகக் கலவை வைத்து அடைக்கவில்லை, மேலே கோழிவலை இரண்டு பக்கமும் ஏறிக் கட்டவில்லை, அல்லது தண்ணீர் விட்டு நனைக்கவில்லை. அடைத்தவர் யாரோ அவர் பொறுப்பு. பீமும் சுவரும் சேருகிற இடத்தில் கிடையாக வெடித்தால் உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாலரை இஞ்ச் சுவரைக் குறுக்கே வெட்டச் சொல்லியிருந்தால் மட்டும் நீங்களும் மறுத்திருக்க வேண்டும். குறுக்கு வெட்டு சுவர் கனத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு, அந்தச் சுவரில் அது 19 மில்லிமீட்டர்தான், 25 பைப் அதில் அடங்காது.

அடுத்த வேலைக்கு 'கம்ப்ளீட்' என்று எழுத விடாதீர்கள். வெட்டுவது யார், கலவை வைத்து அடைப்பது யார், வலையும் மேல்பூச்சும் யார், நனைப்பது யார், குப்பை அள்ளுவது யார் என்று ஐந்து வரி, இரண்டு கையெழுத்து.

இந்த வாரமே அளவெடுத்துவிடுங்கள், பட்டி பூசிவிட்டால் எந்த வெட்டு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.