முதல் சம்பளத்தில் எந்தப் பங்கை வாங்கலாம்?

இறுதியாண்டு மாணவர்களுக்கு வணக்கம். வளாக நேர்காணலில் தேர்வான மாணவர் ஒருவர் சென்ற வாரம் பணி ஆணையுடன் என்னைப் பார்க்க வந்தார். ஆண்டுக்கு 3.6 லட்சம் ஊதியம். பிடித்தங்கள் போக மாதம் ஏறத்தாழ 25,000 ரூபாய் கைக்கு வரும். பயிற்சிக் காலத்தைப் பற்றியோ பணி ஒப்பந்தத்தைப் பற்றியோ கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "சார், டிமேட் கணக்கு தொடங்கிவிட்டேன். முதல் சம்பளத்தில் எந்தப் பங்கை வாங்கலாம்?" என்று கேட்டார். உங்களில் பலரிடமும் இதே கேள்வி இருக்கும் என்பதால், அவருக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே விரித்துச் சொல்கிறேன்.

மாதம் 2,000 ரூபாயை நாட்டின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில், மாதத் தவணையாகச் செலுத்தும் எஸ்.ஐ.பி. முறையில் ஒருவர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தை அந்த ஆண்டு 12 சதவீத வேகத்தில் வளர்ந்தால், அவர் போட்ட 24,000 ரூபாய் ஆண்டு முடிவில் சுமார் 25,600 ரூபாயாகியிருக்கும். அவருடைய நண்பர் அதே 2,000 ரூபாயைத் தாமே தேர்ந்தெடுத்த பங்குகளில் போட்டு, சந்தையைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 24 சதவீத வேகத்தில் ஈட்டினாலும், அவர் கையில் இருப்பது சுமார் 27,350 ரூபாய்தான். தொழில்முறை நிதி மேலாளர்களே பெரும்பாலும் எட்ட முடியாத அந்தச் சாதனைக்குக் கிடைத்த கூடுதல் தொகை ஏறத்தாழ 1,750 ரூபாய். அதற்காக அவர் நாள்தோறும் அரை மணி நேரம் செய்தி படித்து, விலை பார்த்து, வாட்ஸ்அப் குழுவில் விவாதித்திருந்தால், ஆண்டில் 180 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டிருப்பார். மணிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவான கூலி அது; நம் கல்லூரி வாசலில் ஒரு டீக்குக்கூடப் போதாது.

மாறாக, முதலாமவர் பங்குகளைப் பற்றி எதுவும் தெரியாமலே மாதத் தவணையை 2,500 ஆக்கினால், அந்த ஆண்டு அவர் சேமிப்பு 6,000 ரூபாய் கூடுகிறது. அந்த 180 மணி நேரத்தைத் தம் பணிக்குத் தேவையான ஒரு சான்றிதழுக்கோ மொழித் திறனுக்கோ செலவிட்டு, அடுத்த ஆண்டு மாதம் 2,000 ரூபாய் ஊதிய உயர்வு பெற்றால், அது ஆண்டுக்கு 24,000 ரூபாய். முதலீடு சிறியதாக இருக்கும் ஆரம்ப ஆண்டுகளில் சேமிப்பின் அளவைத் தீர்மானிப்பது நீங்கள் போடும் தொகைதான். ஈட்டும் சதவீதம் அப்போது பின்வரிசையில்தான் நிற்கிறது. நான் வேலைவாய்ப்பு ஆலோசகன் என்பதால் ஊதியத்தைத் தூக்கிப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பத்து, பதினைந்து ஆண்டுகளில் தொகை பெரிதாகும்போது சதவீதமும் முக்கியமாகிவிடுமே, அதற்கு இப்போதே நல்ல பங்கைத் தேர்ந்தெடுக்கப் பழகலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தில் நடந்தது அதற்கான பதில். சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அன்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். முந்தைய நாள் 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாயை ஒட்டி முடிந்தது. அது ஏதோ பெயர் தெரியாத நிறுவனம் அல்ல. நாட்டின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று, நியூயார்க் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது, சிறந்த நிர்வாக ஒழுங்குக்காக முந்தைய ஆண்டுதான் விருது பெற்றது. உலகப் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனம் அதன் கணக்குகளில் கையெழுத்திட்டிருந்தது. இருப்புநிலைக் குறிப்பைக் கவனமாகப் படித்த முதலீட்டாளரும் அந்தப் பங்கை வாங்கத்தான் செய்திருப்பார். ஏனெனில் பொய்யே அந்தக் குறிப்பில்தான் இருந்தது. அங்கேயே பணிபுரிந்து, நிறுவனத்தின் மீது கொண்ட நம்பிக்கையில் அதன் பங்குகளையும் வைத்திருந்தவர்களுக்கு வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் ஆட்டம் கண்டன. நீங்கள் சேரப்போகும் நிறுவனத்தின் பங்கில் உங்கள் சேமிப்பைப் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சத்யம் அப்போது நிஃப்டி 50 பட்டியலிலும் இருந்தது. பதற்றத்தில் நிஃப்டியும் அன்று சுமார் 6 சதவீதம் இறங்கியது. இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருந்தவர்களும் அடி வாங்கினார்கள். ஆனால் அவர்களிடம் மீதி 49 நிறுவனங்கள் இருந்தன. தேசியப் பங்குச் சந்தை ஒரு வாரத்துக்குள் சத்யத்தை நீக்கிவிட்டு ரிலையன்ஸ் கேப்பிடலைச் சேர்த்தது. அடுத்து நடந்ததை நான் எல்லா வகுப்பிலும் சொல்வேன். மாற்றாக வந்த அந்த ரிலையன்ஸ் கேப்பிடலும் கடனில் மூழ்கியது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவை நீக்கியது. திவால் நடைமுறையின் முடிவில் பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிஃப்டி அதை வெளியேற்றியிருந்தது. அதாவது, குறியீட்டை அமைப்பவர்களுக்கும் எந்த நிறுவனம் வெல்லும் என்று முன்கூட்டித் தெரியாது. சந்தை மதிப்பில் சுருங்குவதை நீக்கி வளர்வதைச் சேர்க்கும் விதி ஒன்று அவர்களிடம் இருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியலை அந்த விதிப்படி சரிபார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட சுமார் 25,000 பங்குகளை ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் என்ற பேராசிரியர் ஆராய்ந்தார். அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களைவிடக் கூடுதலாகப் பங்குச் சந்தை உருவாக்கிய செல்வம் முழுவதும் வெறும் 4 சதவீத நிறுவனங்களிலிருந்து வந்திருந்தது. மற்ற அனைத்தும் சேர்ந்து அந்தப் பத்திரங்களுக்கு இணையாகத்தான் ஈட்டின. நீங்கள் ஐந்து பங்குகளைத் தேர்ந்தெடுத்தால் அந்த 4 சதவீதத்தில் ஒன்றுகூட உங்களிடம் இல்லாமல் போக வாய்ப்பு மிகுதி. குறியீட்டை முழுதாக வாங்குபவரிடமோ பெரிதாக வளரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை, சற்றுத் தாமதமாகவேனும், வந்து சேர்ந்துவிடும். காலையில் வாங்கி மாலையில் விற்கும் டிரேடிங்கைப் பற்றி நான் நீட்டிப் பேசப்போவதில்லை. 2022-23இல் அப்படிச் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டமடைந்தார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வே சொல்லிவிட்டது.

இனி, இந்த வழியின் எல்லை. 2008 ஜனவரியில் 6,287 புள்ளிகளைத் தொட்ட நிஃப்டி, அதே ஆண்டு அக்டோபரில் 2,600 புள்ளிகளுக்கும் கீழே போனது. பழைய உச்சத்தை அது மீண்டும் எட்டியது 2010 நவம்பரில். அங்கிருந்தும் சறுக்கி, அதை நிலையாகக் கடக்க 2014 ஆகிவிட்டது. மாதாமாதம் போட்டவர்களுக்குத் தாழ்ந்த விலையில் அதிக யூனிட்டுகள் கிடைத்ததால் வலி குறைவு, என்றாலும் பொறுமை தேவைப்பட்டது. எனவே அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணம், அக்காவின் திருமணத்துக்கோ மேற்படிப்புக்கோ எடுத்து வைப்பது, இதில் போகக் கூடாது. அதற்கு வங்கி வைப்பே சரி. மூன்று மாதச் செலவுக்கான தொகை முதலில் வங்கியில் சேரட்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால், ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி ஓடும் அந்தக் கடனை அடைப்பதைவிட நல்ல முதலீடு எதுவும் இல்லை. கல்விக் கடனின் வட்டி 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், மிச்சப் பணத்தில் பெரும்பகுதியைக் கடனுக்குக் கட்டி, 500 ரூபாய் எஸ்.ஐ.பி. மட்டும் தொடங்குங்கள் என்பேன். கடனை அடைப்பதில் கிடைக்கும் லாபம் உறுதியானது. சந்தையில் அந்த உறுதி கிடையாது.

சந்தை வீழ்ச்சியால் நின்றுபோன எஸ்.ஐ.பி.களைவிட, வேலை மாறியதால் நின்றுபோனவற்றையே என் முன்னாள் மாணவர்களிடம் அதிகம் கண்டிருக்கிறேன். அது நடக்கும் விதம் இதுதான். முதல் நிறுவனம் ஒரு வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கித் தருகிறது. தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒப்புதலை அந்தக் கணக்கில் கொடுக்கிறீர்கள். ஒன்றரை ஆண்டில் வேறு நிறுவனம், வேறு வங்கி. பழைய கணக்கில் பணம் இல்லாததால் தவணை திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் வங்கி சில நூறு ரூபாய் வரை அபராதம் போடுகிறது. தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் எஸ்.ஐ.பி. ரத்தாகிவிடுகிறது. சில மாதம் சம்பளம் வராத கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று இன்னொரு பிடித்தமும் வரக்கூடும். குறுஞ்செய்திகளைப் படிக்காதவருக்கு இவையெல்லாம் ஓராண்டு கழித்துத்தான் தெரியவருகின்றன.

ஆகவே தவணையைச் சம்பளக் கணக்கில் கட்டாமல், வேலை மாறினாலும் மாறாத உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் பதிவு செய்யுங்கள். சம்பளம் வந்த மறுநாள் அந்தக் கணக்குக்கு 2,000 ரூபாய் போகும்படி வங்கிச் செயலியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம். ஃபண்ட் தேர்வு செய்யும்போது ‘டைரக்ட் பிளான்’ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். முகவர் தரகு அதில் சேராது. வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான அதே யு.ஏ.என். எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுப் பணி முடியுமுன் எடுத்தால் வரியும் சேரக்கூடும்.

சென்ற வாரம் வந்த மாணவர் ஆகஸ்டில் பணியில் சேர்கிறார். அவர் நிறுவனத்தில் மாதக் கடைசி நாளில் சம்பளம் வருமாம். விடுமுறை குறுக்கிட்டாலும் பணம் வந்து சேர இடம் விட்டு, தவணைத் தேதியாக 7ஐக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.