ஒன்று 1, இன்னொன்று −1: கணக்கு எங்கே பிரிகிறது?

*பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். f_xy, f_yx இரண்டும் எப்படியும் சமம்தானே என்று ஒன்றை மட்டும் கண்டுபிடித்து, மற்றதை அப்படியே எழுதிவிடுவது என் வழக்கம். f(x, y) = xy(x² − y²)/(x² + y²), f(0, 0) = 0 என்ற சார்புக்கு ஆதிப்புள்ளியில் ஒன்று −1, இன்னொன்று 1 என்று வருகிறது. மூன்று முறை போட்டுவிட்டேன். ஆதிப்புள்ளியில் f = 0 தானே, அதனால் எல்லா வகைக்கெழுவும் 0 என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி? இரண்டும் சமம் என்று எப்போது கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்?*
*– மாணவி, தஞ்சாவூர்*

நீங்கள் போட்டதுதான் சரி. தோழியின் தப்பு, விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ரொம்பப் பழக்கமான தப்பு. ஒரு புள்ளியில் சார்பின் மதிப்பு 0 என்பது அங்கே வகைக்கெழு என்ன என்று எதுவும் சொல்லாது. x = 0-வில் sin x-இன் மதிப்பு 0, வகைக்கெழு 1. வகைக்கெழுவுக்கு அந்தப் புள்ளி மட்டும் போதாது, அக்கம்பக்கமும் வேண்டும். இரண்டாம் வகைக்கெழுவுக்கோ அக்கம்பக்கத்தில் முதல் வகைக்கெழு எப்படி மாறுகிறது என்றும் தெரிய வேண்டும்.

உங்கள் கணக்கை ஒருமுறை சேர்ந்தே பார்த்துவிடுவோம், பின்னால் தேவைப்படும். f_xy என்றால் முதலில் x-ஐப் பொறுத்து, அப்புறம் y-ஐப் பொறுத்து வகையிடுவது என்று வைத்துக்கொள்வோம். (சில புத்தகங்களில் இது தலைகீழாக இருக்கும். உங்கள் −1 வேறொரு புத்தகத்தில் 1 என்று இருந்தால் பதற வேண்டாம்.) y அச்சின் மேல் f எங்கும் 0. ஆகவே (0, y)-இல் f_x காண f(h, y)/h-ஐ எடுத்தால் போதும். அது y(h² − y²)/(h² + y²). h-ஐ 0-வுக்குக் கொண்டுபோனால் −y கிடைக்கும். அதாவது f_x(0, y) = −y. இதை y-ஆல் வகையிட்டால் −1. அதேபோல x அச்சின் மேல் f_y(x, 0) = x, அதை x-ஆல் வகையிட்டால் 1. இதில் எங்கேயும் தில்லுமுல்லு கிடையாது.

சரி, ஏன் இப்படி வருகிறது? இதற்கு நான் எப்போதும் ஒரு செவ்வகம் வரைந்துகொள்வேன். ஆதிப்புள்ளியை ஒரு மூலையாக வைத்து, x பக்கம் h நீளம், y பக்கம் k உயரம். நான்கு மூலைகளிலும் சார்பின் மதிப்பை எடுத்து இப்படிக் கூட்டிக் கழிக்க வேண்டும்:

Δ = f(h, k) − f(h, 0) − f(0, k) + f(0, 0)

இதை செவ்வகத்தின் பரப்பான hk-ஆல் வகுங்கள். இந்த Δ/(hk)-தான் இரண்டு கலப்பு வகைக்கெழுக்களுக்கும் பொதுவான கச்சாப் பொருள். முதலில் h-ஐ 0-வுக்குக் கொண்டுபோய் அப்புறம் k-ஐக் கொண்டுபோனால் f_xy(0, 0) கிடைக்கும். முதலில் k, அப்புறம் h என்றால் f_yx(0, 0). ஒரே எண்ணை இரண்டு வரிசையில் சுருக்குகிறோம், அவ்வளவுதான். ‘இரண்டும் சமமா’ என்று கேட்பது, ‘இந்த இரண்டு எல்லைகளை இடம் மாற்றலாமா’ என்று கேட்பதுதான்.

உங்கள் சார்புக்கு அச்சுகளின் மேலுள்ள மூன்று மூலைகளிலும் மதிப்பு 0. மிஞ்சுவது f(h, k) மட்டும். ஆக,

Δ/(hk) = (h² − k²)/(h² + k²)

இதில் எண்களைப் போட்டுப் பாருங்கள். h = 0.1, k = 0.01 என்று படுத்த செவ்வகம் எடுத்தால் 0.0099/0.0101, சுமார் 0.98. இரண்டையும் ஆயிரம் மடங்கு சின்னதாக்குங்கள், h = 0.0001, k = 0.00001. அப்போதும் அதே 0.98! செவ்வகத்தை நிமிர்த்தி வைத்தால் −0.98. சதுரமாக்கினால் 0. நீளம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் 3/5. செவ்வகம் எவ்வளவு சின்னது என்பதை இந்தச் சார்பு கண்டுகொள்வதே இல்லை, அது எந்த வடிவம் என்பதை மட்டும் பார்க்கிறது. k-ஐ முதலில் 0-வுக்குக் கொண்டுபோவது செவ்வகத்தைத் தட்டையாகப் படுக்க வைப்பதற்குச் சமம், அதனால் 1. h-ஐ முதலில் கொண்டுபோனால் அது ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும், அதனால் −1.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வரலாம். எப்படிச் சுருக்கினாலும் Δ/(hk) ஒரே எண்ணுக்குப் போக வேண்டும், அதற்கு என்ன உத்தரவாதம்? சராசரி மதிப்புத் தேற்றத்தை இரண்டு முறை போட்டால் விஷயம் முடிந்தது. g(x) = f(x, k) − f(x, 0) என்று வைத்தால் Δ = g(h) − g(0). தேற்றத்தின்படி, 0-வுக்கும் h-க்கும் நடுவே ஏதோ ஒரு s-இல் இது h·g′(s), அதாவது h[f_x(s, k) − f_x(s, 0)]. அடைப்புக்குள் இருப்பதற்கு y திசையில் அதே தேற்றத்தைப் போட்டால் k·f_xy(s, t). ஆக, Δ/(hk) என்பது செவ்வகத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியில் f_xy-இன் மதிப்புத்தான்.

அந்தப் புள்ளி எங்கே என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஆதிப்புள்ளியில் f_xy தொடர்ச்சியாக இருந்தால் அது எங்கே இருந்தாலும் கவலை இல்லை. செவ்வகம் சுருங்கச் சுருங்க உள்ளே இருக்கிற எல்லாப் புள்ளிகளிலும் f_xy-இன் மதிப்பு f_xy(0, 0)-ஐ நெருங்கும். படுத்த செவ்வகம், நின்ற செவ்வகம், சதுரம் எல்லாம் ஒரே எண்ணில்தான் வந்து சேரும். எனவே f_yx(0, 0)-வும் அதே எண். கவனியுங்கள், இரண்டு கலப்பு வகைக்கெழுக்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. f_x, f_y, f_xy மூன்றும் அந்தப் புள்ளியைச் சுற்றி இருந்து, f_xy அந்தப் புள்ளியில் தொடர்ச்சியாக இருந்தால் போதும். f_yx அங்கே இருக்கிறது என்பதும், அது f_xy-க்குச் சமம் என்பதும் தானாகவே வந்துவிடும்.

உங்கள் சார்பில் இந்த நிபந்தனை எங்கே உடைகிறது என்று பார்த்தால்தான் மனம் ஆறும். ஆதிப்புள்ளியைத் தவிர மற்ற இடங்களில் வழக்கம்போல வகையிட்டால்,

f_xy = f_yx = (x⁶ + 9x⁴y² − 9x²y⁴ − y⁶)/(x² + y²)³

என்று வரும். ஆதிப்புள்ளியை விட்டு ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் இரண்டும் சமம்தான்! x அச்சின் வழியாக வந்தால் இதன் மதிப்பு 1-ஆகவே இருக்கும், y அச்சின் வழியாக வந்தால் −1, y = x என்ற கோட்டின் மேல் 0. ஆதிப்புள்ளியில் இவை ஒன்று சேர வழியே இல்லை, தொடர்ச்சி போய்விட்டது. f-ம் முதல் வகைக்கெழுக்களும் ஆதிப்புள்ளியில் தொடர்ச்சியாகத்தான் இருக்கின்றன. அதனால் கணினியில் வரைபடம் போட்டுப் பார்த்தால் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும், உடைப்பு எதுவும் கண்ணில் படாது.

நம்மைப் போலவே பெரியவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் கிளெரோவும் இந்தச் சமத்தைப் பொது விதியாகவே எடுத்துக்கொண்டார்கள். நிபந்தனை இல்லாமல் விதி செல்லாது என்று எதிர்க்காட்டு கொடுத்தவர் ஷ்வார்ஸ், ஆண்டு 1873. அவருடைய சார்பில் arctan எல்லாம் வரும், கொஞ்சம் சிக்கல். உங்கள் கையில் இருக்கும் எளிய வடிவம் இத்தாலியரான பெயானோவுடையது. பாடப் புத்தகங்களில் நிலைத்ததும் இதுதான்.

அப்படியானால் தேர்வில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை அப்படியே எழுதலாமா? பல்லுறுப்புக் கோவை, sin, cos, eˣ, இவற்றைக் கூட்டிப் பெருக்கிச் செய்த சார்புகள், இவற்றை ஒன்றால் ஒன்று வகுத்ததில் பகுதி 0 ஆகாத இடங்கள் எல்லாவற்றிலும் தாராளமாக எழுதலாம். அங்கே எல்லா வகைக்கெழுக்களும் தொடர்ச்சியானவை. சந்தேகப்பட வேண்டிய இடம் ஒட்டுப் போட்ட இடம்தான்: ‘(0, 0)-இல் மட்டும் 0’ என்று தனியாக எழுதியிருந்தாலோ, மட்டுக்குறியோ வர்க்கமூலமோ அந்தப் புள்ளியில் 0-வைத் தொட்டாலோ வரையறையிலிருந்தே போட்டுவிடுங்கள்.

ஒரு குறுக்கு வழியும் உண்டு. உங்கள் சார்பில் தொகுதியின் படி 4, பகுதியின் படி 2. ஆக மொத்தப் படி 2. ஒவ்வொரு முறை வகையிடும்போதும் படி ஒன்று குறையும். இரண்டு முறை வகையிட்டால் படி 0, அதாவது தூரம் மறைந்துபோய்த் திசை மட்டும் மிஞ்சும். செவ்வகம் வடிவத்தை மட்டும் பார்த்ததற்குக் காரணம் இதுதான். சார்பை இன்னொரு x-ஆல் பெருக்கி x²y(x² − y²)/(x² + y²) என்று ஆக்கினால் படி 3. இரண்டாம் வகைக்கெழுக்களில் படி 1 மிஞ்சும், ஆதிப்புள்ளியை நெருங்கும்போது அவை 0-வுக்குப் போய்விடும். தொடர்ச்சி கிடைத்துவிட்டது, கலப்பு இரண்டும் 0, சண்டை தீர்ந்தது.

படி 2 என்றாலே இரண்டும் வேறுபடும் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். x²y²/(x² + y²)-ஐ எடுத்து, ஆதிப்புள்ளியில் 0 என்று வையுங்கள். அதன் Δ/(hk) = hk/(h² + k²). படுத்த செவ்வகத்துக்கு 0, நின்ற செவ்வகத்துக்கும் 0, ஆகவே f_xy(0, 0) = f_yx(0, 0) = 0. இரண்டும் சமம்தான். ஆனால் சதுரத்துக்கு 1/2 வருகிறது. ஆதிப்புள்ளிக்கு வெளியே f_xy = 8x³y³/(x² + y²)³, y = x என்ற கோட்டின் மேல் இது எப்போதும் 1. தொடர்ச்சி இல்லாமலேயே சமம் வந்துவிட்டது. தோழியிடம் இந்தச் சார்பைக் கொடுங்கள். இதில் ‘எல்லாம் 0’ என்று சொன்னால் விடை சரியாகவே இருக்கும், அதனால் காரணத்தையும் கேட்டு வாங்குங்கள்.