ஈரத்தில் இழுத்தால் முடி என்ன சொல்கிறது?

கேள்வி: எனக்கு வயது 46. ஓராண்டுக்கு முன் ஸ்மூத்தனிங் செய்தேன். ஆறு மாதங்களுக்கு முன் ப்ளீச் செய்து ஹைலைட்ஸ் போட்டேன். இப்போது தலைக்குக் குளித்துவிட்டுச் சீவினால் முடி நூல்போல நீண்டு, பிறகு அறுந்துவிடுகிறது. சீப்பு நிறைய முடி. அடுத்த மாதம் மகளுக்குத் திருமணம். முன்நெற்றியில் நரை பளிச்சென்று தெரிகிறது. டை அடித்தால் வழுக்கையாகிவிடுமா? கண்பார்வை மங்கும் என்றும் இணையத்தில் படித்தேன். பயோட்டின் மாத்திரையும் முட்டை வெள்ளைக்கருவும் பயன்படுத்தி வருகிறேன்.

பதில்: வழுக்கை விழாது. சீப்பில் சேர்ந்த முடியை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெண்ணிறக் குமிழ் இருக்கும். உங்கள் முடியில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு முனையிலும் அது இருக்காது. நீளமும் ஒன்றுபோல இராது. அவை நடுவில் அறுந்தவை. வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்ந்துகொண்டும் இருக்கிறது. கண்பார்வை பற்றிய பயத்தையும் விட்டுவிடுங்கள். சாயம் கண்ணுக்குள் பட்டால்தான் ஆபத்து. தலையில் பூசுவதால் பொதுவாகப் பார்வை மங்காது. புருவத்துக்கும் இமைக்கும் மட்டும் பூசக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘நூல்போல நீண்டு’ என்பதுதான். முடியின் கெரட்டின் புரதத்தைப் பிடித்து வைத்திருப்பவற்றில் இங்கே முக்கியமானவை இருவகைப் பிணைப்புகள். ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டவுடன் தற்காலிகமாக விலகிக்கொள்ளும். அப்போது முடியைத் தாங்குவது முக்கியமாகக் கந்தகப் பிணைப்புதான். ப்ளீச் அதை நிரந்தரமாகச் சிதைக்கிறது. ஸ்மூத்தனிங் கிரீம் அதையே அறுத்து, நேராக்கிய பின் மறுபடி ஒட்ட வைக்கிறது; எல்லாம் திரும்ப ஒட்டுவதில்லை. அதனால்தான் காய்ந்த நிலையில் நன்றாகத் தெரியும் முடி, நனைந்ததும் இற்றுப்போன எலாஸ்டிக்போல நடந்துகொள்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். முதல் நாள் எண்ணெய் வைக்காமல், ஷாம்பு மட்டும் போட்டு அலசுங்கள். கண்டிஷனர் வேண்டாம், அதிலுள்ள சிலிகான் மேலே படிந்து முடியின் உண்மையான நிலையை மறைத்துவிடும். முன்நெற்றி, உச்சி, பிடரி என மூன்று இடங்களிலும் மூன்று நான்கு முடிகளைத் தலையோடு ஒட்டிக் கத்தரியுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கும்போதே முடி இழுபட்டுவிடும். வேர்ப்பக்க முனையில் வண்ண நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, சாதாரணத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஸ்கேலை ஒட்டி ஐந்து சென்டிமீட்டர் அளவுத் துண்டை இரு கை விரல்களாலும் பிடித்து, மெதுவாக ஆறு, ஆறரை வரை இழுத்து விடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் நல்ல முடியும் பழைய நீளத்துக்குத் திரும்பாது, சோதனை பொய்யாகிவிடும்.

விட்டவுடன் ஐந்துக்கே திரும்பினால் முடி பலமாக இருக்கிறது. பாதி தூரம் திரும்பி, தயங்கித் தயங்கிச் சுருங்கினால் ப்ளீச்சும் நிரந்தர டையும் கூடாது. நீண்டது நீண்டபடியே கொழகொழவென்று தொங்கினாலும், நீளாமலே பட்டென்று அறுந்தாலும், பெராக்சைடு கலந்த எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. மெல்லிய முடி இயல்பாகவே சீக்கிரம் அறும் என்பதால் அடுத்தவர் முடியோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் முடியின் வேர்ப்பக்கத்தையும் நுனிப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

இந்த ஒப்பீட்டில்தான் உங்களுக்கான விடை இருக்கிறது. ஆறு மாதங்களில் ஆறேழு சென்டிமீட்டர் புது முடி வளர்ந்திருக்கும். அது ப்ளீச்சையும் ஸ்மூத்தனிங்கையும் பார்க்காத முடி. அதற்கு அடுத்த ஆறேழு சென்டிமீட்டர் ஹைலைட்ஸ் போட்ட இழைகளில் ப்ளீச் மட்டும் பட்டது. அதற்கும் கீழே இரண்டும் பட்டது. ஒரே முடியை மூன்று இடத்தில் இழுத்தால் மூன்று விதமான பதில் வரும். நூல்போல நீள்வது கீழ்ப்பகுதியாக இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். நரை தெரிவதோ வேரை ஒட்டி.

ஆகவே வேர்ப்பகுதி சோதனையில் தேறினால் அங்கே மட்டும் டை அடிக்கலாம். பெராக்சைடு 6 சதவீதத்துக்கு, அதாவது பார்லரில் சொல்லும் 20 வால்யூமுக்கு, மேல் போக வேண்டாம். புது முடி முடிந்து பழைய முடி தொடங்கும் எல்லையிலிருந்து நுனிவரை தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். முடி அதிகம் அறுவது அந்த எல்லையில்தான். அங்கே மறுபடி டை படக் கூடாது. கடைசிச் சில நிமிடங்கள் நுனிவரை இழுத்துத் தேய்க்கச் சொல்லும் பெட்டியின் குறிப்பை உங்களுக்குப் பொருந்தாததாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு எத்தனை முறை அடித்திருந்தாலும், 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த டையைத் தொடவே வேண்டாம்.

வேர்ப்பகுதியும் தேறவில்லை என்றால் நரையை மறைக்கும் பவுடரோ ஸ்டிக்கோ திருமண நாளுக்குப் போதும். மேலே படிந்து, ஷாம்புவில் போய்விடும். நீளப்பகுதியின் நிறம் உறுத்தினால் பெராக்சைடே இல்லாத தற்காலிகச் சாயம் பூசலாம், சில வாரக் குளியலில் அது மங்கிவிடும். அட்டையில் ‘அம்மோனியா இல்லை’ என்றிருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அம்மோனியாவுக்குப் பதில் வேறொரு காரம் சேர்த்து, பெராக்சைடை அப்படியே வைத்திருப்பார்கள். கலந்து பூச இரண்டாவதாக ஒரு டெவலப்பர் பாட்டில் இருந்தால் அது உங்களுக்கானது அல்ல.

மருதாணி பூசலாம், அது முடியை அறுக்காது. நரையில் ஆரஞ்சாகப் பிடிக்கும். கறுப்பு வேண்டுமென்றால் அதன்மேல் அவுரி போட வேண்டும். ‘கறுப்பு மருதாணி’ என்று பாக்கெட்டில் விற்பது வேறு. நீரில் குழைத்துப் பூசியதும் கறுக்கும் அந்தப் பொடிகள் பலவற்றில் டையிலுள்ள, ஒவ்வாமை தரக்கூடிய அதே பி.பி.டி. சாயப்பொருள் இருக்கிறது. சிலவற்றில் உலோக உப்பும் இருக்கும். அதன்மேல் பிறகு பெராக்சைடு பட்டால் முடி சூடேறிக் கருகக்கூடும்.

முட்டை வெள்ளைக்கருவை நிறுத்துங்கள். அந்தப் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது, மேலே காய்ந்து சிக்கைத்தான் கூட்டும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவது பயனுள்ளது. அது உள்ளே இறங்கி, அலசும்போது முடியிலிருந்து புரதம் கரைவதைக் குறைக்கிறது. ஆனால் சிதைந்த பகுதியை எந்த எண்ணெயும் எந்த மாஸ்க்கும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. திருமணம் முடிந்ததும் நுனியிலிருந்து தவணை தவணையாக வெட்டிவிடுங்கள். அதுவரை ஈர முடியில் அகலப் பல் சீப்பு மட்டும். அலங்காரம் செய்பவர் ஈரத்தில் அயர்ன் வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

ரசாயனமே படாத வேர்ப்பகுதி திரும்பாமல் தொங்கினாலோ, தலையில் காசு அளவுக்கு வழவழப்பான வெற்றிடம் தெரிந்தாலோ தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அவர் தைராய்டு, இரும்புச்சத்துப் பரிசோதனை எழுதக்கூடும். நீங்களாகவே விழுங்கும் பயோட்டின் தைராய்டு அளவைத் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, எடுத்துக்கொண்டிருந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.